பால் கணக்கு, ஷட்டில் கோர்ட், ஒரு எக்செல் பட்டியல்: வேலை தேடும்போது காட்ட நான் எடுத்த மூன்று ஆப்

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் ஆறு வருடம் கணக்கு எழுதினேன். படிப்பு பி.காம். இரவு எட்டரை மணிக்குக் கடையை விட்டு வந்து, சாப்பிட்டுவிட்டு, பதினொரு மணி வரை பைத்தானும் கொஞ்சம் எஸ்.க்யூ.எல்.லும் படித்தேன். ஒன்றரை வருடம் ஆனதும் வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று தோன்றியது. அப்போது என் கிட்ஹப்பில் மூன்று ஆப் இருந்தன: ஒரு டு-டூ லிஸ்ட், ஒரு வானிலை ஆப், பெரிய ஷாப்பிங் தளம் ஒன்றைப் பார்த்துச் செய்த நகல். மூன்றையும் வீடியோ பார்த்துப் பார்த்துத்தான் கட்டியிருந்தேன்.

பல இடங்களுக்கு அனுப்பியதில் கோயம்புத்தூரில் ஒரு சின்ன நிறுவனம் மட்டும் கூப்பிட்டது. எதிரில் உட்கார்ந்திருந்தவர் ஷாப்பிங் தளத்தைத் திறந்து, கூடையில் ஒரு சட்டையைப் போட்டார். பிறகு கேட்டார்: "இந்தச் சட்டை ஒண்ணுதான் ஸ்டாக்ல இருக்குன்னு வைங்க. ரெண்டு பேர் கூடையில போட்டா என்ன ஆகும்?" எனக்குத் தெரியவில்லை. வீடியோவில் அது வரவில்லை. "சரி, இதில நீங்களா எடுத்த முடிவு ஒண்ணு சொல்லுங்க" என்றார். யோசித்துப் பார்த்தேன். நிறம் மட்டும்தான் நான் மாற்றியிருந்தேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் மேல் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு நியாயமானது என்று புரிந்தது. பட்டன் வேலை செய்கிறதா என்று அவர் பார்க்கவே இல்லை. சிக்கலான இடம் ஒன்று எனக்கு எதிர்ப்பட்டிருக்கிறதா, எதிர்ப்பட்டபோது நான் என்ன செய்தேன் என்பதைத்தான் பார்த்தார். நகல் ஆப்பில் அப்படி எதுவும் எதிர்ப்படாது. எதிர்ப்பட்டதையெல்லாம் வீடியோ போட்டவர் முன்பே தீர்த்து வைத்திருப்பார்.

அடுத்த ஞாயிறு, பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பதினோரு யோசனைகளை எழுதினேன். ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்விகள் கேட்டேன். இந்தத் தொல்லையை உண்மையாகவே அனுபவிக்கும் ஒருவருக்கு நான் போன் போட முடியுமா? இதில் மற்ற இரண்டிலும் இல்லாத ஒரு கடினமான இடம் இருக்கிறதா? பார்க்கிறவருக்கு இரண்டு நிமிடத்தில் அதைக் காட்ட முடியுமா? செலவுக் கணக்கு ஆப் முதலிலேயே போயிற்று. எனக்கே அது தேவைப்படவில்லை. ஊர்க்காரர்களுக்கான சாட் ஆப்பும் போயிற்று. வாட்ஸ்அப் இருக்கும்போது அதை யார் தொடுவார்கள்? பணம் கட்டும் வசதி வேண்டிய எல்லாவற்றையும் அடித்தேன். அதன் பதிவு வேலைகளிலேயே என் மாலை நேரம் முழுக்கக் கரைந்துவிடும். கடைசியில் மூன்று நின்றன. பால் கணக்குக்கு ஆறு வாரம், கோர்ட் புக்கிங்குக்கு மூன்று, பட்டியல் சுத்தம் செய்யும் கருவிக்கு இரண்டு, எழுத்து வேலைக்கு ஒன்று என்று பன்னிரண்டு வாரத்துக்குத் திட்டம் போட்டேன். முடிக்கப் பதினைந்து ஆயிற்று.

முதலில் பால் கணக்கு. என் சித்தப்பா கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் டிவிஎஸ் வண்டியில் கேன் கட்டிக்கொண்டு நாற்பத்திரண்டு வீடுகளுக்குப் பால் ஊற்றுகிறார். கணக்கெல்லாம் ஒரு நீள நோட்டில். "இத ஆப்ல போடறேன் சித்தப்பா" என்றதும், "போடு கண்ணு, ஆனா நோட்ட நிறுத்த மாட்டேன்" என்றார். அது நல்லதாகப் போயிற்று. ஆப் சொல்வதை நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

முதல் வடிவத்தில் வாடிக்கையாளர் அட்டவணையிலேயே விலைக்கு ஒரு கட்டம் வைத்திருந்தேன். மாத நடுவில் சித்தப்பா விலையை ஏற்றினார். நானும் கட்டத்தில் எண்ணை மாற்றினேன். அடுத்த நிமிடம் போன மாதப் பில்லும் கூடியிருந்தது. பணம் கட்டி முடித்த வீடுகள் எல்லாம் பாக்கி என்று காட்டின. விலை வாடிக்கையாளரின் குணம் அல்ல, ஒரு தேதியிலிருந்து நடப்புக்கு வரும் விஷயம். ஜவுளிக்கடையில் ஆறு வருடம் விலைப்பட்டியல் பார்த்தவனுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். விலைக்குத் தனி அட்டவணை போட்டு, ஒவ்வொரு நாளுக்கும் அன்று நடப்பில் இருந்த விலையை எடுக்கும்படி மாற்றினேன்.

```sql
SELECT paise_per_litre FROM rates
WHERE customer_id = :cid AND from_date <= :day
ORDER BY from_date DESC LIMIT 1;
```

பழைய வரியை யாரும் திருத்துவதில்லை. புது விலை வந்தால் புது வரி.

அடுத்தது பைசா. இதை விரிவாகவே சொல்கிறேன், பின்னால் நேர்காணல்களில் அதிகம் பேசியது இதைப் பற்றித்தான். ஒரு வீட்டுக்குத் தினமும் கால் லிட்டர், லிட்டர் 46.50 ரூபாய். ஒரு நாளைக்கு 11.625 ரூபாய் வருகிறது. நான் ஒவ்வொரு நாள் தொகையையும் இரண்டு தசமத்துக்குச் சுருக்கிக் கூட்டியிருந்தேன். பைத்தானில் `round(11.625, 2)` என்றால் 11.62 தான் வரும். சரிபாதியில் நிற்கும் எண்ணை அது இரட்டைப்படைப் பக்கம் தள்ளும். பிப்ரவரியில் 28 நாளுக்கு 325.36, ரூபாய்க்குச் சுருக்கினால் 325. சித்தப்பா நோட்டில் 326 இருந்தது. அவர் தினமும் பெருக்குவதில்லை. மாதக் கடைசியில் ஏழு லிட்டர் என்று கூட்டிவிட்டு, ஏழு தடவை 46.50, அதாவது 325.50, அரை ரூபாய் என்றால் மேலே ஏற்றி 326.

ஒரு ரூபாய்தானே என்று விடலாம். ஆனால் கால் லிட்டர் வீடுகள் எல்லாவற்றிலும் அந்த ஒரு ரூபாய் இடித்தது. இரண்டில் எது சரி என்பதைப் பைத்தான் தீர்மானிக்கக் கூடாது, தொழில் செய்கிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். பாலை மில்லிலிட்டராகவும் விலையைப் பைசாவாகவும் முழு எண்ணில் வைத்தேன். ஒரே விலை நடந்த நாட்களின் அளவைக் கூட்டி, பெருக்கி, கடைசியில் ஒரே ஒரு தடவை ரூபாய்க்குச் சுருக்கினேன், அரை வந்தால் மேலே. `README.md` கோப்பில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கி, 325-க்கும் 326-க்கும் நடந்த சண்டையை அப்படியே எழுதினேன்.

மூன்றாவது தவறு, ஆப் இணையத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது. சித்தப்பா விடிகாலை ஐந்து மணிக்கு ஊற்றி முடித்த வீடுகளைப் போனில் தட்டுவார். எல்லாம் முந்தின நாள் தேதியில் விழுந்தன. என் லேப்டாப்பில் சரியாக இருந்தது. சர்வரின் கடிகாரம் யூடிசி நேரத்தில் ஓடுகிறது. நமக்கு ஐந்து மணி என்றால் அதற்கு முந்தின நாள் இரவு 11.30. `date.today()` என்று எழுதிய இடத்தில் எல்லாம் `ZoneInfo("Asia/Kolkata")` கொண்டு நம் நேரத்தைக் கேட்க வைத்ததும் சரியாயிற்று. காலை ஐந்தரைக்கு மேல் எழுந்து சோதித்துப் பார்க்கிறவனுக்கு இந்தத் தவறு கண்ணில் படவே படாது.

இதற்கு நடுவில் ஒரு பெரிய முட்டாள்தனமும் செய்தேன். நோட்டிலிருந்து ஏற்றிய உண்மையான பெயர்கள், போன் எண்கள் இருந்த கோப்பைக் கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்துக் கவனித்துக் கோப்பை நீக்கினேன். ஆனால் கிட் பழைய கமிட்டுகளை மறப்பதில்லை. வரலாற்றில் பின்னே போனால் கோப்பு அப்படியே கிடந்தது. அந்த ரெப்போவையே அழித்துவிட்டு, கற்பனைப் பெயர்களோடு புதிதாகத் தொடங்கினேன். மூன்று வாரக் கமிட் வரலாறு போயிற்று. வீட்டுக்காரர்கள் நம்பிக் கொடுத்த எண்கள் அவை, வேறு வழியில்லை. உங்கள் ஆப் உண்மையான மனிதர்களுக்கானது என்றால், மாதிரித் தரவு உருவாக்கும் சின்ன ஸ்கிரிப்டை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

இரண்டாவது ஆப், அந்தக் கோயம்புத்தூர்க் கேள்விக்கான பதில். பெருந்துறை ரோட்டில் நண்பன் ஒருவன் இரண்டு ஷட்டில் கோர்ட் நடத்துகிறான். புக்கிங் எல்லாம் வாட்ஸ்அப்பில். காலை ஆறு மணி ஸ்லாட்டுக்கு வாரம் ஒரு தடவையாவது இரண்டு குழு வந்து நிற்கும். அவனுக்கு ஒரே திரை செய்தேன்: தேதி, கோர்ட், ஸ்லாட், பெயர். முதலில் நான் எழுதியது எல்லோரும் எழுதுவதுதான். ஸ்லாட் காலியா என்று கேள், காலி என்றால் பதிவு செய். பத்து முறை முயன்றும் தவறு வரவில்லை.

வராதுதான். கேட்பதற்கும் பதிவதற்கும் நடுவில் சில மில்லி செகண்டுதான் இடைவெளி. அந்த இடத்தில் வேண்டுமென்றே `time.sleep(3)` என்று ஒரு வரி போட்டேன். என் போனையும் அம்மாவின் போனையும் பக்கத்தில் வைத்து இரண்டிலும் ஒரே ஸ்லாட்டைத் தட்டினேன். இரண்டிலும் பச்சை நிறத்தில் "பதிவாகிவிட்டது" என்று வந்தது. அம்மா, "வேல செய்யுதே" என்றார். அதுதான் பிரச்சினை என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்க நேரமாயிற்று.

தீர்வு நான் எழுதிய பைத்தானில் இல்லை, தரவுத்தளத்தில் இருந்தது. கோர்ட், தேதி, ஸ்லாட் மூன்றும் சேர்ந்து ஒரு முறைதான் வரலாம் என்று அட்டவணையிலேயே ஒரு `UNIQUE` விதி. இரண்டாவது ஆள் வந்தால் தரவுத்தளம் பிழை எழுப்பும். அதைப் பிடித்து, "இப்போதுதான் வேறொருவர் எடுத்துவிட்டார்" என்று காட்டி, அடுத்த காலி ஸ்லாட்டைப் பரிந்துரைத்தேன். அந்த மூன்று செகண்ட் தூக்கத்தை எடுக்காமலே திரும்பச் சோதித்தேன். ஒரு போனில் பச்சை, ஒரு போனில் மன்னிப்பு. இரண்டு போனும் தெரியும்படி நாற்பது செகண்ட் வீடியோ எடுத்து `README.md` தலையிலேயே வைத்தேன். அந்த ரெப்போவில் நான் செய்ததிலேயே பயனுள்ள வேலை அந்த வீடியோதான் என்று இப்போதும் நினைக்கிறேன். லாகின், பணம், மின்னஞ்சல் நினைவூட்டல் எதுவும் சேர்க்கவில்லை. நண்பன் கேட்டான். வேண்டாம் என்றேன்.

மூன்றாவதுக்குத் திரையே இல்லை. எங்கள் ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடிக்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப ஒரு எக்செல் பட்டியல் உண்டு. பல வருடங்களாகப் பல பேர் தட்டியது. ஒருவருக்கே மூன்று முறை செய்தி போகும், சிலருக்குப் போகவே போகாது. அந்தப் பட்டியலை வாங்கிச் சுத்தம் செய்து கொடுக்கும் ஒரு கமாண்ட் லைன் கருவி எழுதினேன். இது பார்வைக்கு எடுப்பாக இருக்காது என்று தெரியும். ஆனாலும் முதல் இரண்டும் வெப் ஆப். மூன்றாவதும் அதுவாகவே இருந்தால் புதிதாக என்ன தெரியப்போகிறது? அழுக்குத் தரவும் டெஸ்ட் எழுதுவதும்தான் இதன் கடினமான இடம்.

91 சேர்த்துப் பன்னிரண்டு இலக்கமாகத் தட்டிய போன் எண்களை எக்செல் 9.19843E+11 என்று சுருக்கிக் காட்டும். அப்படியே சி.எஸ்.வி.யாகச் சேமித்தால் திரையில் தெரிந்ததுதான் கோப்பிலும் விழும். மீதி இலக்கங்கள் போய்விட்டன. எந்த நிரலாலும் அவற்றை மீட்க முடியாது. இப்படிப்பட்ட வரிகளைக் கருவி ஊகிக்காது, ஓசைப்படாமல் தள்ளியும் விடாது. தனிக் கோப்பில் காரணத்தோடு எழுதி வைக்கும், கடைக்காரர் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று நம் எழுத்து சம்பந்தப்பட்டது. கோபால் என்ற பெயர் இரண்டு வரிகளில் ஒன்றுபோலவே இருந்தும், வேறு வேறு என்றது நிரல். ஒரு மணி நேரம் கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். ஒருவர் பயன்படுத்திய கீபோர்டு ஓகாரக் குறியை ஒரே எழுத்தாகப் பதிந்திருக்கிறது. மற்றவருடையது இரட்டைச் சுழியையும் காலையும் தனித்தனியாகப் பதிந்திருக்கிறது.

```python
import unicodedata
a = "\u0b95\u0bcb"         # கோ
b = "\u0b95\u0bc7\u0bbe"   # கோ
a == b                                # False
unicodedata.normalize("NFC", b) == a  # True
```

ஒப்பிடும் முன் எல்லாப் பெயர்களையும், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் `NFC` என்ற யூனிகோட் வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். இந்த உதாரணமே என் முதல் டெஸ்ட் ஆயிற்று. ஒரே போன் எண்ணில் இரண்டு பெயர் இருந்தால் சேர்க்கக் கூடாது என்பது இன்னொரு டெஸ்ட். கணவன் மனைவி ஒரே எண்ணைக் கொடுத்திருப்பார்கள். கடையில் நின்று பில் போட்டவனுக்குத்தான் அது தெரியும்.

இரண்டு வெப் ஆப்பையும் இணையத்தில் வைக்கும்போதும் ஓர் அடி வாங்கினேன். இலவச ஹோஸ்டிங்கில் போட்டேன். சித்தப்பாவின் ஆப்பில் பதிந்ததெல்லாம் அடுத்த முறை நான் நிரலைப் புதுப்பித்ததும் காணாமல் போயிற்று. அங்கே வட்டு நிரந்தரமில்லை. எஸ்.க்யூ.லைட் கோப்பும் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் துடைக்கப்பட்டுவிடும். நல்லவேளை, நோட்டு இருந்தது. தரவை வெளியில் ஒரு போஸ்ட்கிரெஸ் தளத்துக்கு மாற்றினேன். தூங்கிப்போன இலவச சர்வர் விழித்து முதல் பக்கம் காட்ட ஒரு நிமிடம் கூட ஆகலாம். வேலை கொடுக்கிறவர் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார். அதனால் விண்ணப்பத்தில் ஆப்பின் முகவரியை முதலில் கொடுக்காமல், வீடியோ இருக்கும் `README.md` பக்கத்தைக் கொடுத்தேன். ஆப்புக்குள் பதிவு செய்யச் சொல்லாமல் "மாதிரிக் கணக்கில் நுழை" என்று ஒரே பட்டன்.

அந்தப் பக்கம் எழுதக் கடைசி வாரம் முழுக்கப் பிடித்தது. முன்பெல்லாம் எந்தெந்த லைப்ரரி பயன்படுத்தினேன் என்று வரிசையாகப் போடுவேன். இந்த முறை முதல் மூன்று வரியில் யாருடைய தொல்லை, என்ன தொல்லை. அப்புறம் வீடியோ. அப்புறம் நான் எடுத்த ஒரு முடிவும் நான் விட்டுவிட்ட வழியும். கடைசியில் தெரிந்த குறைகள். குறைகளை நாமே எழுதுவதா என்று தயக்கமாகத்தான் இருந்தது. ஆனால் கேட்கிறவர்கள் அந்தப் பகுதியிலிருந்துதான் பேச்சைத் தொடங்கினார்கள். நமக்குப் பதில் தெரிந்த இடத்தில் பேச்சு தொடங்குவது நல்லதுதானே.

அந்தப் பன்னிரண்டில், இல்லை, பதினைந்து வாரத்தில் செய்ததை வைத்து மூன்று நேர்காணல்கள் கிடைத்தன. முதலாவதில் அல்காரிதம் கணக்குகள் மட்டும் கொடுத்தார்கள், ஆப்களைத் திறக்கவே இல்லை. தேறவில்லை. போர்ட்ஃபோலியோவால் அந்த மாதிரி இடங்களில் ஒன்றும் ஆகாது, அதற்குத் தனியாகத் தயாராக வேண்டும். இரண்டாவதில் பால் கணக்கைப் பற்றி நன்றாகப் பேசினோம், அனுபவம் போதாது என்றார்கள்.

மூன்றாவது திருப்பூரில், பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்யும் ஒரு சின்ன அலுவலகம். பேசிய அம்மணி சீனியர் டெவலப்பர். பிப்ரவரி ஒரு ரூபாய்க் கதையைக் கேட்டுச் சிரித்தார். பிறகு கோர்ட் ஆப்பின் வீடியோவைப் பார்த்துவிட்டு, "ஆறு மணி ஸ்லாட்ட எடுத்தவர் கேன்சல் பண்ணிட்டா?" என்றார். "வரியை அழிக்க மாட்டோம் மேடம், நிலையை ரத்து என்று மாற்றுவோம்" என்று பெருமையாகச் சொன்னேன். "சரி. இப்ப வேற ஒருத்தர் அதே ஸ்லாட்ட எடுக்கட்டும்."

எடுத்தேன். "இப்போதுதான் வேறொருவர் எடுத்துவிட்டார்" என்று வந்தது. ரத்தான வரி அட்டவணையிலேயே இருக்கிறது. என் `UNIQUE` விதிக்கு அது ரத்தானது என்று தெரியாது. நண்பனின் கோர்ட்டில் ரத்தான ஸ்லாட்டுகள் எல்லாம் அதுவரை பூட்டியே கிடந்திருக்கின்றன. அவனும் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை. ஏன் அப்படி ஆகிறது என்று மட்டும் வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினேன். தீர்வு அந்த இடத்தில் தோன்றவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன்.

ஈரோடு பஸ் ஏறியதும் போனில் போஸ்ட்கிரெஸ் ஆவணங்களைத் தேடினேன். பெருந்துறை வருவதற்குள் கிடைத்துவிட்டது. விதியை எல்லா வரிகளுக்கும் போடாமல், நடப்பில் இருக்கும் புக்கிங்குக்கு மட்டும் போடலாம்.

```sql
CREATE UNIQUE INDEX one_booking
ON bookings (court_id, play_date, slot)
WHERE status = 'booked';
```

வீட்டுக்கு வந்து பழைய விதியை எடுத்துவிட்டு இதைப் போட்டேன். ரத்து செய்து திரும்ப எடுக்கும் டெஸ்ட் ஒன்றும் எழுதினேன். பழைய விதியோடு அது தோற்கிறதா என்று முதலில் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன். இரவு பத்தே முக்காலுக்கு அந்தக் கமிட்டின் முகவரியை மட்டும் அம்மணிக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். மறுநாள் கடையில் ஸ்டாக் எடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எப்போது சேரலாம் என்று கேட்டார்கள். ஆடித் தள்ளுபடி முடியட்டும் என்றேன்.